நாற்பது நிமிடம் குறைந்த ஞாயிறுகள்

எனக்கு முன்கோபம் உண்டு. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும். அறுபதுகளில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம்கூட முடியவில்லை, என் மனைவிக்கு ஆசிரியை வேலைக்கான உத்தரவு வந்தது. எங்கே? தூத்துக்குடிக்கு வடக்கே, கரையிலிருந்து அரை மைல் தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் ஒரு மணல் திட்டில். மீனவர் வீடுகள் நாற்பதோ ஐம்பதோ, ஒரே ஒரு டீச்சர் வைத்து நடக்கும் பள்ளிக்கூடம். இரண்டு மாதம் போகட்டும், மாற்றல் வாங்கிவிடலாம் என்றார்கள். சொன்னவர்கள் வாயில் சர்க்கரையைப் போட.

திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருப்பது சேறு. கடல் ஏறும்போது அதன் மேல் தண்ணீர் நிற்கும், படகு போகும். வற்றிவிட்டால் படகும் போகாது, ஆளும் நடக்க முடியாது, கால் தொடை வரைக்கும் இறங்கும். ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு ஒன்றரை மணி முன்னாலிருந்து, உச்சி தாண்டி ஒன்றரை மணி வரைக்கும்தான் வழி. திட்டின் ஒரே படகு அந்த நேரத்தில் கருவாட்டை ஏற்றிக்கொண்டு கரைக்கு வரும், அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்பும். கடந்துபோக இருபது நிமிடம் ஆகும் என்பதால் கடைசி நேரம் வரை நிற்காமல், உச்சிக்குப் பிறகு ஒரு மணி பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும்.

எங்கள் முதலாளி ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் எனக்கு லீவு கொடுப்பார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி, குண்டடம், தாராபுரம் வழியாக மதுரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கரையில் இறங்குவேன். சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்புகிற பஸ். திட்டுக்குப் போனால் அன்றைக்குத் திரும்ப முடியாது. ஆகவே அவள் படகில் கரைக்கு வருவாள், டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து பேசுவோம்.

முதல் ஞாயிறு பௌர்ணமி. ஏற்றத்தின் உச்சி ஒரு மணிக்கு. படகு இரண்டு பத்துக்குக் கிளம்பியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேச முடிந்தது. அவள் செய்துகொண்டு வந்திருந்த புளிச்சோறு ஆறிப்போய், தின்ன மறந்து, அப்படியே திரும்பப் போனது. அடுத்த முறை ஒன்றரைக்கே எழுந்துவிட்டாள். அதற்கடுத்த முறை ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது.

“என்ன, வரவர அவசரமாக் கெளம்பற?”

“நான் எங்கீங்க மாமா கெளம்பறேன், தண்ணியில்லீங்ளா எறங்குது. தினத்துக்கும் அம்பது நிமிசம் தள்ளித்தானுங்க ஏறும். போன தடவையே சொன்னனுங்க.”

“தள்ளிப் போனா உனக்கு நேரம் கூடத்தானே வேணும்? ஏன் கொறையுது?”

அவள் விளக்கினாள். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிட இடைவெளி. பதினான்கு நாளில் ஐம்பது ஐம்பதாகத் தள்ளிப்போய் மொத்தம் கிட்டத்தட்டப் பதினொன்றே முக்கால் மணி நேரம் ஆகும். மத்தியான ஏற்றம் நள்ளிரவுக்குப் போய்விடும், அதற்கு முந்தின ஏற்றம் அந்த இடத்துக்கு வந்துவிடும், ஆனால் நாற்பது நிமிடம் முன்னதாக. ஆகவே ஒன்று விட்டு ஒன்று ஞாயிறில் பார்ப்பவனுக்குக் கடல் முன்னால் வருவது போலத் தெரியும். எனக்கு அதில் பாதி ஏறவில்லை, மீதியைக் கேட்கப் பொறுமையில்லை. சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நாலாவது ஞாயிறு பத்தே பத்து நிமிடம்தான் பேசினோம். படகுக்காரர் கழியை ஊன்றிக்கொண்டு நின்றார், அவள் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தபடியே என்னிடம் பேசினாள். நானூறு மைல் போகவர நான் வந்தது இதற்கா? பொண்டாட்டிக்கு நான் வேண்டாதவனாகிவிட்டேன் என்று மனசு அடித்துச் சொன்னது. திரும்பி வந்ததும் ஒரு கடிதம் எழுதினேன். வேலை பெரிதா, நான் பெரிதா? அடுத்த தடவை பெட்டியோடு வா. இல்லையென்றால் நான் இனி வரமாட்டேன். இந்த மூன்றையும் எழுதி, கோபம் ஆறுவதற்குள் தபாலிலும் போட்டுவிட்டேன்.

பதில் நாலே வரி. ‘இந்த ஞாயிறு ஏற்றம் பத்து இருபதுக்கு. படகு பதினொன்றரைக்குத் திரும்பிவிடும். தயவுசெய்து சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி, ராத்திரிக்குத் தூத்துக்குடியில் தங்கிவிட்டு வாருங்கள். நேரில் பேசிக்கொள்வோம்.’ சனிக்கிழமை ஒருநாள் லீவு கேட்டால் முதலாளி கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. வேண்டுமென்றால் காத்திருக்கட்டுமே என்ற வீம்பு.

பன்னிரண்டுக்கு இறங்கினேன். கரையில் படகு இல்லை. எதிர்ப்பக்கம் திட்டில் யாரோ தலையில் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறிப் போனார். பின்னால் பச்சைப் புடவை. கல்யாணத்துக்கு முன் நான் எடுத்துக் கொடுத்த புடவை அது, எத்தனை மைல் தள்ளி வைத்தாலும் எனக்குத் தெரியும். கத்தினேன். காற்று எதிர்க்காற்று. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன், மூன்றாவது அடியில் சேறு தொடையைப் பிடித்துக்கொண்டது. டீக்கடைக்காரர் ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

“என்ன அண்ணே இப்படிச் செய்யுதீய? டீச்சரம்மா ஒம்பது மணிக்கே வந்துட்டாவ, பெட்டியோட. ரெண்டரை மணி நேரம் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாவ. அதுக்கு மேல நின்னா படகு தரைதட்டிரும்லா.”

பெட்டியோடு வந்திருக்கிறாள். அப்படியானால் என்னோடு வரத்தான் வந்தாள். நான் அரைமணி நேரம் பிந்திவிட்டேன். அந்தக் கொட்டகையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். என் மேல் எனக்கே வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது?

நாலு மணிக்குத் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீரே இல்லை, வெறும் சேறு மினுங்கியது. அப்போதுதான் கிழக்கே, நல்ல வெயிலிலேயே, வெளுத்த நிலா மேலே வந்து நின்றதைப் பார்த்தேன். கடலை இழுப்பது நிலா என்று அவள் சொல்லியிருந்தாள். நிலா இருக்கும் பக்கமும் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் தண்ணீர் உப்பும், பூமி சுற்றச் சுற்ற நாம் இரண்டையும் கடக்கிறோம், அதனால் இரண்டு ஏற்றம். ஆனால் ஏன் ஐம்பது நிமிடம்? என் மிஷினை நினைத்துக்கொண்டேன். வட்டமான சிலிண்டர் சுற்றுகிறது. அதில் ஒரு ஊசிக்குச் சாக்பீஸால் குறி போட்டிருக்கிறேன். நான் ஒரே இடத்தில் நின்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் குறி என் முன்னால் வரும். மிஷின் சுற்றுகிற பக்கமாகவே நானும் மெல்ல நடந்தால்? ஒரு சுற்று முடிந்தும் குறி என்னை எட்டாது, இன்னும் கொஞ்சம் சுற்றினால்தான் எட்டும். நிலாவும் அப்படித்தான் நடந்துகொண்டே இருக்கிறது. பூமி ஒரு முழுச்சுற்று வந்த பிறகும், நகர்ந்துபோன நிலாவை எட்ட இன்னும் ஐம்பது நிமிடம் சுற்ற வேண்டியிருக்கிறது. இவ்வளவுதானா? இதைத்தானா அவள் மூன்று முறை சொன்னாள்?

டீக்கடைக்காரரிடம் பென்சில் வாங்கிச் சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டேன். இன்று பத்து இருபது. அடுத்தது ராத்திரி பத்தே முக்கால், இருட்டில் படகு விடமாட்டார்கள். நாளைக் காலை பதினொன்று பத்து. ஐந்தரை பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

திங்கட்கிழமை பத்தேகாலுக்குப் படகு வந்தது. உடனே என்னை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, பன்னிரண்டுக்கு மறுபடி கொண்டுவந்து விடுவதாகப் படகுக்காரர் ஒப்புக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், ஒன்பதாம் வாய்ப்பாடு முடிகிறவரை வெளியே வரவில்லை.

“பஸ்ஸுக்குப் போகலீங்ளா?”

“போகல. பெட்டி எங்கே?”

“பிரிச்சு வெச்சுட்டனுங்க.”

“நேத்து நான் வந்திருந்தா எங்கூட வந்திருப்பியா?”

“வந்திருப்பனுங்க.” புடவை முந்தானையில் சாக்பீஸ் தூளைத் துடைத்தாள். “உங்க கடுதாசியப் படிச்சு ரெண்டு நாள் அழுதுட்டு, ராஜினாமாவும் எழுதி வெச்சிருந்தனுங்க. ஆனா அந்தப் பெட்டிமேல ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தப்பத்தான் தெரிஞ்சுது. எனக்கு வர மனசில்லீங்க மாமா. உங்களப் பாக்கோணும்னு உசுரு துடிக்குது. ஆனா இந்தப் பள்ளிக்கூடத்த உட்டுப்போட்டு வர மனசில்ல. நீங்க நேரத்துக்கு வந்திருந்தா, இது தெரியாமயே வந்திருப்பேன்.”

எனக்கு அடி விழுந்தது போல இருந்தது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தன. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் என் அம்மா முன்னால் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை.

“வர்ற ஞாயிறு ஏத்தம் நாலு பத்துக்கு” என்றேன். “இன்னிக்குப் பதினொன்னு பத்து. ஆறு நாளைக்கு ஆறு அம்பது, முந்நூறு நிமிசம், அஞ்சு மணி நேரம். படகு மூணு மணிக்கே வந்துரும். பேச ரெண்டு மணி நேரத்துக்கு மேல கெடைக்கும்.”

“சில நாள் நாப்பது நிமிசந்தான் தள்ளும், சில நாள் ஒரு மணி நேரங்கூடத் தள்ளுமுங்க. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்” என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. “ஆனா வர்ற ஞாயிறு உங்களுக்கு லீவில்லீங்ளே.”

செவ்வாய்க்கிழமை முதலாளி முன்னால் நின்றேன். திங்கட்கிழமை மிஷின் நின்றதற்கு வாங்க வேண்டிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, கடல் ஏறும் கணக்கைச் சொல்லி, இனிமேல் எனக்கு லீவில்லாத மற்ற ஞாயிறுகளில் லீவு வேண்டும், அதிலும் நேரம் குறைந்துவிடும் என்பதால் நாலைந்து மாதம் கழித்து மறுபடி பழைய ஞாயிறுகளுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

“ஏப்பா, கடல் ஏறுறதுக்கும் நம்ம கம்பெனிக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்றார்.

“கம்பெனிக்கு இல்லீங்க. எனக்கு இருக்குதுங்க.”

 பிறகு இன்னொரு மிஷின்காரரைக் கூப்பிட்டு, ஞாயிறை மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஞாயிறு மூன்று மணிக்குப் படகு வந்தது. அவள் பெட்டியில்லாமல் இறங்கினாள். அவளுக்கு மாற்றல் வர அதன் பிறகு ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷமும் மிஷின் சுற்றுகிற போதெல்லாம் ஐம்பது ஐம்பதாகக் கூட்டிக்கொண்டு, இந்நேரம் அவள் பக்கம் தண்ணீர் ஏறுமா வற்றுமா என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். சோறு இறங்காத நாள்கள் உண்டு. அன்றைக்கு நேரத்துக்குப் போயிருந்தால் எனக்கு இந்த ஏக்கமெல்லாம் இருந்திருக்காது. என் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் அந்தத் திட்டை நினைத்து ஏங்கியிருப்பாள். எனக்கு அது தெரிந்தேயிருக்காது.