பின்மூடியின் எழுத்துகள்

தேவானந்தத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வாட்ச் வேலை பார்க்கிறவனுக்கு அது பெரிய குறைதான். மவுண்ட் ரோட்டில் ஒரு சுவிஸ் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறில் விலகி, மேற்குத் தாம்பரத்தில் சின்னதாய் ஒரு கடை போட்டார். நாலு டீ குடித்து, பத்து தடவை எழுந்து நடந்தால்தான் அவருக்கு ஒரு வாட்ச் முடியும். ஆனாலும் கண் மட்டும் பொய் சொல்லாது என்று ஊரே சொல்லும். அவரும் அதை நம்பிவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

தொண்ணூற்று மூன்றில் செங்கல்பட்டு நுகர்வோர் நீதிமன்றத்திலிருந்து ஒரு கவர் வந்தது. சிட்லபாக்கத்தில் இருக்கும் ரிட்டயர்டு ஆசிரியர் வேதசிரோமணி வழக்குப் போட்டிருந்தார். இறந்துபோன மகன் கட்டியிருந்த, அதே சுவிஸ் கம்பெனி வாட்சைத் துரைராஜ் என்கிற ரிப்பேர்க்காரரின் கடையில் சர்வீசுக்குக் கொடுத்தாராம். திரும்பி வந்த பிறகு, அதன் பின்மூடி போலி என்று யாரோ சொன்னார்களாம். அசலை உருவிக்கொண்டான் என்பது புகார். வாட்ச் கோர்ட்டில் சீலுக்குள் இருந்தது. அதன் பின்மூடியைக் கழற்றி, ஸ்டூடியோக்காரர் மிகக் கிட்டத்திலிருந்து எடுத்த பெரிய படங்கள்தான் தேவானந்தத்திடம் வந்தன. வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் ஒன்று. அசலா போலியா, நிபுணர் என்ற முறையில் அவர் எழுதித் தர வேண்டும்.

லென்சைக் கண்ணில் வைத்தார். அசல் மூடியில் பொறித்த கம்பெனி எழுத்துகள் ஆழமாக, கத்தி போல விளிம்போடு இருக்கும். போலிக்காரன் பெரும்பாலும் ஆசிட்டால் அரித்து எடுப்பான். எழுத்து மேலோட்டமாக, விளிம்பு கரைந்தாற்போல இருக்கும். படத்தில் எல்லா எழுத்தும் கரைந்திருந்தன. உள்பக்கப் படம் கரிக்கட்டையாய் இருண்டு கிடந்ததால் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘போலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார்.

மறுநாளிலிருந்து சோறு இறங்கவில்லை. ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தன்னிடமிருந்த பிரதிகளைத் திரும்பத் திரும்ப எடுத்தார், வைத்தார். மூன்றாம் நாள் பிடிபட்டது. எழுத்து மட்டுமா மழுங்கியிருக்கிறது? மூடியைத் திறக்கச் சாவி மாட்டும் பள்ளங்களும் மழுங்கியிருந்தன. போலிக்காரன் எழுத்தில் கோட்டை விடுவான், பள்ளத்தை ஏன் தேய்க்கப்போகிறான்? எழுத்தின் அடிப்பக்கமும் ஆசிட் தின்ற மணல்மணலான அடியாக இல்லை, சமமாக இருந்தது. அசல் மூடியை யாரோ பளபளப்பாக்கும் பஃப் சக்கரத்தில் வைத்து மேலெல்லாம் இழைத்திருக்கிறார்கள்.

அடுத்த ரயிலில் செங்கல்பட்டு ஓடினார். ஸ்டூடியோக்காரர் ஜெயக்கொடியிடம், உள்பக்க நெகட்டிவை வெளிச்சமாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார்.

“இன்னா சார், வெறும் கீறல்தான கீது?” என்றார் ஜெயக்கொடி.

கீறல்தான். சர்வீஸ் பண்ணுகிற ஒவ்வொருவரும் மூடிக்குள் ஊசியால் தன் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைப்பது தொழில் வழக்கம். ஈரம் சொட்டிய படத்தில் அது தெளிவாய்த் தெரிந்தது: தே, 3-86.

அவருடைய கையெழுத்தை அவருக்குத் தெரியாதா? எழுத்துள்ள மூடியைப் பஃப் பண்ணக் கூடாது என்பது கம்பெனி சட்டம். பளபளப்பு கேட்ட வாடிக்கையாளர்களுக்கு அதைத் திருட்டுத்தனமாய்ச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர் தேவானந்தம். அந்த மகனும் எண்பத்தாறில் பளபளப்பு கேட்டு வந்திருப்பான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சும்மாவா? படத்தைக் கிழித்துப் போட்டால் கேட்க ஆளில்லை. அந்த நினைப்பும் வந்தது, வராமல் இல்லை. அவர் ஒன்றும் மகான் அல்ல. ஆனால் துரைராஜ் கடையில் இப்போது ஈ ஓட்டுகிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். படத்தை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கோர்ட்டில் எழுந்து நின்று, தான் எழுதியது தப்பு என்றார். மூடி அசல், அதை மழுக்கியது என் கை, துரைராஜ் அதை மாற்றவில்லை என்று படத்தை நீட்டினார். சீலை உடைத்து மூடியைத் திறந்து பார்த்தார்கள். கீறல் இருந்தது. இனி எந்தக் கோர்ட்டும் தன்னைக் கூப்பிடாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. முதல் தடவையாக அவராகவே உட்கார்ந்தார்.

துரைராஜ் அவரைத் திட்டக்கூட இல்லை. “ஒரு வருஷமா என் பொண்டாட்டியே என்னைத் திருடன் மாதிரி பாத்துகினு இருந்தா சார்” என்று மட்டும் சொன்னார்.

வேதசிரோமணி வாட்சைக் கையில் வாங்கினார். நேரே துரைராஜிடம் போய்க் கும்பிட்டார். பிறகு தேவானந்தத்திடம் வந்து, அந்த மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார்.

“இந்தத் தேதியில என் பையன் உங்க எதிர்ல வந்து நின்னிருப்பான் இல்லையா சார்? எப்படி இருந்தான்?”

தேவானந்தத்துக்கு அந்த முகம் நினைவே இல்லை.