எழுத்து போடாத ஞாயிறு

நானும் அப்பாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை ஆன்டெனாவைத் திருப்பியது. 1989 மார்ச், முதல் ஞாயிறு. சேலம் சூரமங்கலத்தில் எங்கள் பங்கு மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஹால் உண்டு. அதன் மொட்டை மாடியில் நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கீழே முற்றத்தில், திறந்த ஜன்னல் வழியாக டிவியைப் பார்த்தபடி நின்றார். மற்ற வீடுகளில் இந்த வேலைக்குக் கத்துவார்கள். எங்களுக்கு அது தேவையில்லை. அப்பா இடது கையை நீட்டினால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். உள்ளங்கையை விரித்தால் நிறுத்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கீழே இறங்கியதும் என் தோளில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டார். மதியச் செய்திக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அப்பா பெயர் தோமினிக். பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் எட்டாவது வரை படித்து, அங்கேயே அச்சுக் கோர்க்கக் கற்றார். முப்பத்தொரு வருடம் ஒரே அச்சகத்தில் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், லாரி ஆபீஸ் ரசீதுப் புத்தகம், சுவரொட்டி. அம்மாவும் கேளாதவர். நான் பத்தாவது படிக்கும்போது இறந்தார். மகளான எனக்குக் காது கேட்கும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன். ஊர் முழுவதும் பேசுகிற கம்பிகளைப் பழுது பார்த்துவிட்டு, பேச்சே இல்லாத வீட்டுக்குத் திரும்புவேன். அது எனக்கு ஓய்வாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு டிவியில் ஞாயிறு மதியம் காது கேளாதோருக்கென்று செய்தி தொடங்கியது. டில்லியிலிருந்து வரும். ஒருவர் இங்கிலீஷில் வாசிப்பார், இன்னொருவர் சைகை செய்வார். முதல் ஞாயிறு ஹாலில் பத்தொன்பது பேர் கூடினார்கள். சங்ககிரியில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் அங்கமுத்து அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். செய்தி முடிந்ததும் அவர்தான் முதலில் கையைத் தூக்கினார்.

“அந்தம்மா கை அழகா இருக்குது. என்ன சொல்லுச்சு?”

யாருக்கும் தெரியவில்லை. சைகை எல்லா ஊரிலும் ஒன்று என்று காது கேட்கிறவர்கள் நினைக்கிறார்கள். சாப்பாடு, தூக்கம் போன்றவை ஒத்துப்போகும். ஊர்ப் பெயர், மாசம், தேர்தல், மந்திரி, வரி எல்லாம் டில்லிக்கு வேறு, சேலத்துக்கு வேறு. சைகை இல்லாத பெயர்களை இங்கிலீஷ் எழுத்தாக விரலில் காட்டினார்கள். எங்கள் ஆட்கள் படித்தது தமிழில். அதுவும் உதட்டைப் பார்த்துப் படித்தது. வகுப்பில் கையை அசைத்தால் பிரம்பால் அடித்த காலம்.

அடுத்த ஞாயிறு காலை அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு அச்சகத்தைத் திறந்தார். சாவி அவரிடம்தான் இருந்தது. மதியச் செய்தியில் எவை வரும் என்று யோசித்துப் பன்னிரண்டு செய்திகளைத் தேர்ந்தெடுத்தார். சுவரொட்டிக்கான பெரிய மர எழுத்தில் ஒவ்வொன்றையும் ஒரே வரியாகக் கோர்த்து, வீணான தாளில் அச்சிட்டு, பட்டை பட்டையாக வெட்டி எண் போட்டார். டிவிக்குக் கீழே ஒரு மரச்சட்டம் அடித்தோம். செய்தி ஓடும்போது நான் இங்கிலீஷைக் கேட்டு விரலால் எண் காட்டுவேன். அப்பா அந்தப் பட்டையைச் சட்டத்தில் செருகுவார். பன்னிரண்டில் ஆறு தேறினால் நல்ல ஞாயிறு. பட்டியலில் இல்லாத செய்தி வந்தால் சாக்பீஸால் கறுப்புப் பலகையில் எழுதுவார்.

தமிழ்ச் சொல் நீளமானது. முதலில் எட்டுச் சொல் வைத்தார், யாரும் வாசித்து முடிக்கவில்லை. பிறகு ஐந்து. இரண்டு தரம் வாசிக்கிற நேரம் நிற்க வேண்டும், அதற்குமேல் நின்றால் படத்தை விட்டுவிடுவார்கள் என்று அவரே கண்டுபிடித்தார். ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில் நான் படித்ததைச் சொன்னேன். வெளிநாட்டில் படத்தின் உச்சியில், திரையில் தெரியாத ஒரு கோட்டில் எழுத்தை ஒளித்து அனுப்புகிறார்கள். வேண்டியவர் ஒரு கருவி வாங்கிப் பெட்டியில் இணைத்தால் எழுத்து தெரியும்.

அப்பா கையை விரித்துக் கேட்டார். “எதுக்கு ஒளிக்கணும்? எல்லாருக்கும் தெரிஞ்சா கண்ணு வலிக்குமாமா?”

வருகிறவர்களுக்கு மதியம் ஒரு மணி என்றால் அப்பாதான். எனக்கு அது வாரத்தில் ஏழாவது நாள் வேலை. ஞாயிறு இரண்டு மணிக்கு ஷிப்ட் இருந்தால் சாப்பிடாமல் ஓடுவேன்.

போன வருடம் ஆகஸ்டில் வசந்தாமணி வந்தாள். திருச்செங்கோட்டுப் பெண். மெட்ராஸில் பத்திரிகைப் படிப்பு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். காது கேளாதோருக்குச் செய்தி எந்த அளவு போய்ச் சேருகிறது என்பது அவள் ஆய்வு. கையில் சைக்ளோஸ்டைல் அடித்த கேள்வித் தாள்கள்.

“எங்க வாத்தியாரு, இதெல்லாம் ஒரு தலைப்பான்னு கேட்டாருங்க. செய்தித்தாள் விற்பனைய எடுன்னாரு. நான்தான் பிடிவாதமா நின்னேன்.”

“சைகை தெரியுமா உங்களுக்கு?” என்றேன்.

“வணக்கம் மட்டுந்தானுங்க. நீங்க சொல்லிக் குடுங்க.”

நல்ல பெண். ஓரத்தில் உட்கார்ந்து, டிவியை விட்டுவிட்டு, பார்க்கிறவர்களின் முகங்களையே கவனித்தாள். அப்பா வழக்கம்போலப் பட்டைகளை மாற்றினார். அவற்றைப் படித்துப் பார்க்காமலே அவள் ஹாலின் அறிவிப்புகள் என்று எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செய்தி முடிந்ததும் தாள்களைக் கொடுத்தாள். ஐந்தாம் கேள்வி: சைகைச் செய்தி புரிந்ததா? முழுவதும், ஓரளவு, இல்லை. பத்தொன்பதில் பதினேழு பேர் ‘முழுவதும்’ என்று குறி போட்டார்கள்.

தாள்களை நான்தான் வாங்கி அடுக்கினேன். பார்த்தேன். ஷிப்டுக்கு இருபது நிமிடம் இருந்தது, பஸ் இல்லை. ஒன்றும் சொல்லாமல் அவளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜனவரியில் அவள் ஆய்வின் பிரதி தபாலில் வந்தது, நன்றிக் கடிதத்தோடு. அப்பாவுக்கு நான் இங்கிலீஷை விளக்கினேன். சேலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பார்வையாளர்கள் சைகைச் செய்தியை முழுவதும் புரிந்துகொள்கிறார்கள். வட்டார மொழியில் எழுத்து சேர்க்கும் தேவை இப்போதைக்கு இல்லை. ஆய்வின் சுருக்கத்தை ஏப்ரல் முதல் வாரம் டிவிக்காரர்கள் கலந்துகொள்ளும் கருத்தரங்கில் வாசிக்கப் போவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தாள்.

எழுத்து தேவை இல்லை என்ற வரியின் மேல் அப்பா விரலை வைத்தார். பிறகு சிரித்தார். அவர் சிரிப்பில் கொஞ்சம் சத்தம் உண்டு, அது அவருக்குத் தெரியாது.

“நான் எழுத்து போட்டேன். அதனால எழுத்து வேண்டாம்னு ஆயிருச்சு.”

“எம்மேலயும் தப்புப்பா. நான் பார்த்தேன், சொல்லல.”

“நீ டூட்டிக்கு ஓடினே.” ஆய்வை மூடி வைத்தார். “கேள்வியே தப்பு. செவிடன்கிட்ட புரிஞ்சுதான்னு கேட்டா தலை ஆடும். பள்ளிக்கூடத்துலேருந்து ஆட்டிப் பழகின தலை. இல்லைன்னு சொன்னா மறுபடி சொல்லணுமேன்னு எதிராளி மூஞ்சி சுருங்கும். அதைப் பாக்கறதுக்குப் பதிலா ஆட்டிடலாம்.”

வசந்தாமணிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. ‘எனக்கு அழுகையே வந்துவிட்டது அக்கா. அதே பத்தொன்பது பேரிடம் பட்டை இல்லாமல் மறுபடி எடுத்துக் கொடுங்கள். மார்ச் முப்பதுக்குள் வந்தால் கருத்தரங்கில் திருத்திச் சொல்வேன். ஒருவர் குறைந்தாலும் ஒப்பிட முடியாது என்று வாத்தியார் தள்ளிவிடுவார்.’

புதுத் தாளை அப்பா தானே கோர்த்தார். புரிந்ததா என்ற கேள்வி அதில் இல்லை. ‘இன்று என்னென்ன செய்தி? எழுதுங்கள்.’ அவ்வளவுதான். கீழே பத்துக் கோடுகள்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு மரச்சட்டம் காலியாக இருந்தது. அங்கமுத்து அண்ணன் எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

“எழுத்து எங்கே? அச்சாபீஸ்ல சம்பளம் குடுக்கலையா?”

“இன்னைக்கி இல்லை. பாரு, எழுதிக் குடு.”

“எதை எழுத? அந்தம்மா போட்டிருக்கற பொடவைக் கலரையா? அதுவும் கறுப்பு வெள்ளை டிவி.”

எல்லாரும் சிரித்தார்கள். செய்தி தொடங்கியதும் சிரிப்பு போய்விட்டது. கால் மணி நேரம் ஒருவரும் அசையவில்லை. பிறகு தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அப்பாவின் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியும், சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று கையை வீசினார். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டார். சைகை பேசுகிறவர் கையைக் கட்டுவது வாயைப் பொத்திக்கொள்வது போல. அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அன்று பதினொரு தாள்கள். மற்றவர்கள் வரவில்லை. அடுத்த ஞாயிறு, ஆன்டெனா திருப்பிய அன்று, மேலும் ஏழு. பதினெட்டுத் தாள்களில் பன்னிரண்டு வெற்று. நான்கில் ‘வெள்ளம்’, ‘விமானம்’ என்று படத்தில் பார்த்ததை எழுதியிருந்தார்கள். வெள்ளம் எந்த ஊரில் என்று யாரும் எழுதவில்லை. இரண்டு பேர் மட்டும் ஒரு செய்தியைச் சரியாக எழுதியிருந்தார்கள், அது காலைப் பேப்பரில் வந்தது. அப்பா பதினெட்டையும் எண் போட்டுத் துணிக் கயிற்றால் கட்டினார்.

மீதி ஒருத்தி, செல்லாயி. நாமகிரிப்பேட்டைக்காரி, நாற்பது வயது இருக்கும். மஞ்சள் வெட்டும் பருவம் என்பதால் இரண்டு ஞாயிறும் காட்டை விட்டு வரவில்லை. சனிக்கிழமை தானே போய் அவளை அழைத்துவந்து, இரவு எங்கள் வீட்டில் தங்கவைத்து, மறுநாள் செய்தி பார்க்க வைப்பது என்று அப்பா முடிவு செய்தார்.

“அவ காலிலிருந்து மஞ்சள் போகாது. பாய் பழசையே போடு,” என்றார்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு எக்ஸ்சேஞ்சுக்கு அச்சகத்திலிருந்து போன் வந்தது. அப்பா எழுத்துப் பெட்டி முன்னால் நின்றபடியே சரிந்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குச் செல்லாயி வந்தாள். யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள். கல்லறையில் என் பக்கத்தில் நின்றவள், மண் போட்டதும் என் முழங்கையைத் தொட்டாள்.

“அண்ணன் ஏதோ தாள் எழுதணும்னு சொல்லிவிட்டாராம். எப்ப வரட்டும்?”

“நானே வந்து கூட்டிட்டுப் போறேன்,” என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறுகள் போய்விட்டன. ஹாலை நான் திறக்கவில்லை. முதல் ஞாயிறு அங்கமுத்து அண்ணன் சங்ககிரியிலிருந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் ஞாயிறு அவர் வரவில்லை.

இன்று மார்ச் இருபத்தைந்து, சனி. முப்பதுக்கு முன்னால் நாளைதான் கடைசி ஞாயிறு. நாமகிரிப்பேட்டைக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு. இப்போது ஆறேமுக்கால். பதினெட்டுத் தாள்கள் மேஜை மேல் இருக்கின்றன. பத்தொன்பதாவது தாளில் செல்லாயி பெயரை மட்டும் அப்பா எழுதி வைத்திருக்கிறார். நான் இன்னும் செருப்புப் போடவில்லை.