ருசி பார்ப்பது சாப்பாடில்லை

எங்கள் கேக் கடையில் அவளுக்கு நாக்கு என்று பெயர். வெண்ணெய் ஒரு நாள் பழசாகியிருந்தாலும் கரண்டி நுனியில் எடுத்து வாயில் வைத்ததுமே சொல்லிவிடுவாள். பெயர் வைத்தவர் முதலாளி. அவருக்கும் நாக்கு உண்டு, வேலைக்காரர்களை ஏசுவதற்கு மட்டும். கிரீம் சரியா, கஸ்டர்ட் கெட்டியா, சீஸ் புளிக்கிறதா என்று பதினோரு வருஷமாக அவள் சொன்னால்தான் சரக்கு மேசைக்குப் போகும். அவளுக்குப் பக்கத்தில் அடுப்பைப் பார்க்கிறவள் நான்.

இத்தனைக்கும் பால் என்றால் அவளுக்குக் குமட்டும். டீயைக்கூட வெறும் டீயாகத்தான் குடிப்பாள். தயிர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வாள்.

பெண் குழந்தை பிறந்ததும் அவள் மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். தாய்ப்பால் மட்டும்தான். பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலத் தூங்கியது, எழுந்தது, குடித்தது, மறுபடி தூங்கியது. நான்காம் மாதம் வேலைக்கு வந்தாள். பகலில் கொடுக்கக் காலையிலேயே பாலைப் பிழிந்து வைத்துவிட்டு வருவாள். பத்து நாள்கூட ஆகவில்லை, பிள்ளை அரைமணிக்கு ஒருமுறை அலறிக்கொண்டு எழ ஆரம்பித்தது. முதுகை வில்லாக வளைக்கும், காலை வயிற்றோடு மடக்கும், தோளில் போட்டால்தான் கொஞ்சம் அடங்கும்.

உடனே தீர்ப்பு வந்துவிட்டது. அம்மா வேலைக்குப் போனதால் பிள்ளை ஏங்குகிறது. மாமியார் சொன்னார், எதிர்வீட்டார் சொன்னார்கள், கேக் வாங்க வந்தவர்கள்கூடச் சொன்னார்கள். புருஷன் காப்பீட்டு முகவர். நாளைக்கு என்ன நடக்கும் என்று ஊருக்கே சொல்கிற தொழில் என்பதால், பிள்ளை ஏன் அழுகிறது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. செல்போனில் படித்துவிட்டு வந்து, "அழவிட்டா தானா பழகிக்கும்" என்றான் ஒருநாள். மறுநாள், "தூக்கிவெச்சுக்கிட்டே இருந்தாத்தான் பழகும்" என்றான். இரண்டையும் செய்துபார்க்க வேண்டியவள் மட்டும் அவள். கடைசியில் அவனே அவள் பெயரில் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதினான். மாசக் கடைசியில் கொடுத்துவிட வேண்டுமாம். மனைவிக்காக அவன் எழுதிய முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒருநாள் நின்றபடியே தூங்கி, சூடான தட்டில் கையை வைத்துவிட்டாள். "பேசாம வேலைய விட்டுத் தொலை, பிள்ளைதான் முக்கியம்" என்று நானும் சொன்னேன். ஊரைத் திட்டுகிற என் லட்சணமும் அதுதான்.

குழந்தை டாக்டரிடம் இரண்டு தடவை போய்வந்தாள். நல்ல டாக்டர், ஆனால் வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் நல்லவரும் ஓட்டமாகத்தான் ஓடுவார். பிள்ளையின் கன்னத்தில் புதிதாக வந்திருந்த சொறியைப் பார்த்தார், மலத்தில் சளி போவதைக் கேட்டுக்கொண்டார். "நீங்க பால் குடிப்பீங்களாம்மா?" என்றார். "தொடவே மாட்டேன் டாக்டர்." சீட்டில் எழுதியிருந்த ஏதோ ஒன்றைப் பேனாவால் அடித்துவிட்டு, சொறிக்குக் களிம்பு கொடுத்தார். ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. அடுத்த தடவை வரும்போது மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

மூன்றாம் தடவை கையில் கொப்புளத்துக்குக் கட்டோடு இருந்ததால் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள நான் கூடப் போனேன். புருஷனுக்கு அன்று முக்கியமான கூட்டமாம். அவள் எழுதிய தாளை டாக்டர் வாய்விட்டுப் படித்தார். சோறு, பருப்பு, முட்டை, வாழைப்பழம், வெறும் டீ. மூன்று நாளும் அதேதான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நாள் முழுக்க கிரீம வழிச்சுத் தின்னியே, அது எங்க?" என்றேன்.

"அது ருசி பாக்குறதுதானே. சாப்பாடா அது?" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது தராசைப் பார்ப்பது மாதிரி ஒரு வேலை. தராசைப் பார்த்தால் யாருக்கும் வயிறு நிறையாதே.

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"சாமி சத்தியமா எண்ணினதில்ல டாக்டர். ஒரு அம்பது கரண்டி இருக்கும்."

அன்றைக்குத்தான் அவர் நிதானமாகப் பேசினார். பசும்பாலில் இருக்கிற புரதம் அம்மா சாப்பிட்டால் தாய்ப்பாலிலும் கொஞ்சம் வரும். சில பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. வயிறு வலித்துத் தூக்கம் கலையும். இந்த வகை ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. "நிறைய பிள்ளைங்க ராத்திரி எழுந்திருக்கிறது சாதாரணம்தான். எல்லாத்துக்கும் பால்மேல பழி போடக்கூடாது. ஆனா சொறி, சளி, நீங்க வேலைக்குப் போன தேதி, மூணும் சேர்ந்து வருது. நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். பால், வெண்ணெய், சீஸ், பால்பவுடர் போட்ட ரொட்டி எதுவும் மூன்று வாரம் கூடாது. ருசி பார்த்துத் துப்புவதும் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அவளுக்குக் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னாள். "நாக்கு இல்லாம நீ எதுக்கு எனக்கு?" என்றார். பதினோரு வருஷ உழைப்புக்கு இதுதான் மரியாதை. பெட்டி கட்டும் மேசைக்கு அவளை அனுப்பினார், சம்பளத்தில் ஆயிரத்தைக் குறைத்தார். ருசி பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அந்த மாதம் எங்கள் கேக் வாங்கியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. "பாத்தியா" என்றான் புருஷன். இரண்டாம் வாரம் மலத்தில் சளி நின்றது. மூன்றாம் வாரம் பிள்ளை ஒரே மூச்சில் நாலு மணி நேரம் தூங்கியது. மூச்சு விடுகிறதா என்று இவள்தான் பயந்துபோய் எழுந்து பார்த்தாளாம். அதைச் சொல்லும்போது பெட்டி கட்டும் மேசையில் தலையை வைத்து அழுதாள்.

"அஞ்சாம் மாசம் தானா சரியாகும்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றான் புருஷன். எப்போது சொன்னான் என்று யாருக்கும் நினைவில்லை.

அவன் வாயை அடைக்க அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. டாக்டரே அடுத்ததைச் சொன்னார். பிள்ளைக்கு உடம்பு வீங்கியதோ மூச்சு வாங்கியதோ இல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஒரு வாரம் மறுபடி பால் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். தூக்கம் கெட்டால் சந்தேகமே இல்லை, உடனே நிறுத்திவிடலாம். அவளுக்கு மனசே வரவில்லை. இருந்தாலும் திங்கள்கிழமை பழைய இடத்துக்கு வந்து கரண்டியைக் கையில் எடுத்தாள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். புதன்கிழமை பிள்ளை அலறி எழுந்தது. வியாழக்கிழமை புருஷன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான், ஒன்பது தடவை. வெள்ளிக்கிழமை அவனே கடைக்கு போன் போட்டு, "அவள கிரீம தொடவிடாதீங்க" என்று முதலாளியைக் கெஞ்சினான்.

மறுபடி நிறுத்திவிட்டுப் பெட்டி மேசைக்கே திரும்பினாள், மறுபடி பிள்ளை தூங்கியது. ராஜினாமாக் கடிதத்தின் பேச்சைப் புருஷன் அப்புறம் எடுக்கவில்லை. ஒரு வயசுவாக்கில் திரும்பப் பார்க்கலாம், நிறையப் பிள்ளைகளுக்குப் பிற்பாடு ஒத்துக்கொள்ளும் என்றார் டாக்டர்.

இதற்கப்புறமாவது வீட்டில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தபோது மாமியார் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "அதுக்கு ஆகாததையெல்லாம் வேலை வேலைன்னு தின்னுத் தீத்திருக்கா. இவ வீட்டோட இருந்திருந்தா பிள்ளைக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காது." ஊர் அப்படித்தான். காரணம் மாறினாலும் குற்றவாளி மாற மாட்டாள்.

அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் போனை வைத்ததும், "அத்தை, நாளைக்கும் காலைல ஏழு மணிக்குக் கெளம்பிடுவேன்" என்றாள். "பால் பிழிஞ்சு வெச்சிருப்பேன். குடிச்சிட்டு நல்லாத் தூங்குவா."