பதினைந்து டியூபும் மஞ்சள்

பழனியில் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் கை சுத்தம் பேர் போனது. அதனால் கிருமிப் பரிசோதனைப் பொறுப்பு காலியானபோது அது எனக்குத்தான் என்றிருந்தேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவளும் அதற்கு ஆசைப்படுகிறாள் என்று தெரிந்ததும் வயிறு எரிந்தது.

யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்க, கூடத் தலைவியான மேடம், பாச்சலூர் மலை ஊற்றுத் தண்ணீரை எங்கள் இருவரிடமும் கொடுத்தார். பாட்டில் கொண்டுவந்த விவசாயியிடம் அவள், "ஊத்துக்கு மேல என்னங்க கெடக்கு?" என்று கேட்டாள்.

"ஆட்டுப்பட்டிங்க. மழையும் விடலை."

எனக்கும் காது கேட்கத்தான் செய்தது. ஆனாலும் வழக்கம்போலவே வைத்தேன். ஊதாநிறச் சத்துநீர் ஊற்றிய டியூப்களில் ஐந்துக்குப் பத்து மில்லி தண்ணீர், ஐந்துக்கு ஒரு மில்லி, ஐந்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. குடல் கிருமி இருந்தால் சத்துநீர் மஞ்சளாகும். உள்ளே கவிழ்த்துப் போட்ட குட்டிக் குழாயில் வாயு சேரும். எந்த அளவில் எத்தனை டியூப் மாறியது என்று பார்த்து, அட்டவணையில் கிருமிகளின் உத்தேச எண்ணிக்கையை எடுப்போம்.

அவளும் அளவுக்கு ஐந்து டியூப்தான்; ஆனால் என்னுடைய கடைசி அளவில் தொடங்கி, மேலும் இரண்டு முறை பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்தாள். ரொம்பத்தான் மெனக்கெடுகிறாள் என்று உதட்டைச் சுழித்தேன்.

இரண்டு நாள் கழித்து என்னுடைய பதினைந்தும் மஞ்சள், பதினைந்திலும் வாயு. அவளுடையதில் முதல் ஐந்தும் மாறியிருந்தன, அடுத்ததில் மூன்று, கடைசியில் ஒன்றுமில்லை.

மேடம் என்னைப் பார்த்தார். "எல்லாமே மாறிட்டா, நூறு மில்லிக்கு ஆயிரத்தறுநூறு கிருமிக்கு மேலன்னு மட்டுந்தான் சொல்ல முடியும். எவ்வளவு மேலன்னு யாருக்குத் தெரியும்? மாறாத டியூப் இருந்தாத்தான் கணக்கு நிக்கும்." அவளுக்கு நூறு மில்லிக்கு ஏறக்குறைய ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் வந்திருந்தது.

"அக்கா கை சுத்தம் எனக்கு வராதுங்க மேடம்," என்றாள் அவள். அந்தப் பாராட்டு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஊற்றைச் சுற்றி வேலி போட்டபின் மறுபடியும் தண்ணீர் வந்தது. பிடிவாதமாகப் பழைய அளவிலேயே வைத்தேன். மறுபடியும் பதினைந்தும் மஞ்சள். என் முடிவை மட்டும் பார்த்தால் வேலி போட்டதே வீண். அவளுடைய முடிவில் இரண்டாயிரத்து முந்நூறாக இறங்கியிருந்தது. இன்னும் குடிக்க ஆகாதுதான். ஆனால் வேலி வேலை செய்கிறது. பொறுப்பு அவளுக்குப் போனது.

அடுத்த வாரம் அந்த விவசாயி வெள்ளனே வந்து வாசலில் நின்றார், கையில் ஒரு பை மலைவாழைப்பழம்.

"வேலியப் பிடுங்கிருவோம்னு நின்னோம்ங்க. கொறையுதுன்னு கண்டு சொன்னது நீங்கதானுங்களே?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"உள்ள இருக்காங்க," என்றேன்.

அவர் என்னைத் தாண்டி வெரசாக உள்ளே போனார்.