அக்காவின் பெயர் இருந்த இடம்

சாந்தோமில் எங்கள் வீட்டின் தீ இன்ஷ்யூரன்ஸ் பாலிசி அக்கா பெயரிலும் என் பெயரிலும் சேர்ந்து இருந்தது. வீட்டை அப்பா எங்கள் இருவருக்கும் சமமாக எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க மீனவர் குடிசைகள். வெயில் காலத்தில் அங்கே ஓலை பற்றிக்கொண்டால் இங்கே நாங்கள் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவோம். அக்கா தங்கை இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து டீச்சர்கள். வீடு போனால் வேறு போக்கிடம் கிடையாது.

யுத்தம் முடியும் சமயத்தில் அக்கா டைபாய்டில் போய்விட்டாள். பாலிசியைப் புதுப்பிக்கும் மாதம் நெருங்கியதால் துக்கத்தோடு துக்கமாகக் கம்பெனிக்கு எழுதினேன். கூட்டாக இருந்தவர்களில் ஒருவர் காலமானார், இனி என் பெயரிலேயே தொடர வேண்டும் என்று நான்கே வரி. சாவுக்கு அத்தாட்சி வேண்டுமே என்று மாதா கோயில் சாமியாரிடம் போய் அடக்கப் புத்தகத்திலிருந்து எழுதி வாங்கி வைத்தேன். சாவைப் பதிவதற்குக் கார்ப்பரேஷன் என்ற ஒன்று இருப்பதே எங்கள் ஜனங்களுக்கு நினைவு வராது. பிறந்தாலும் செத்தாலும் கோயில்தான்.

அக்கா தன் பெயரோடு அப்பா பெயரைத்தான் போட்டுக்கொள்வாள், பள்ளியிலும் பாலிசியிலும். கட்டிய புருஷன் ஒரே வருஷத்தில் பம்பாய்க்கு வேலைக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார். பிள்ளை இல்லை. ஆனால் கோயில் கட்டிவைத்த முடிச்சைக் கோயில் அவிழ்ப்பதில்லை. சாமியார் தந்த தாளில் அவள் இன்னாரின் மனைவி என்று மணிமணியாக எழுதியிருந்தது. அதை நானே மடித்து உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

கம்பெனியில் நேரில் வரச்சொன்னார்கள். லஸ்ஸுக்கு நடந்து டிராம் பிடித்துப் பாரிமுனைக்குப் போனேன். தலைமைக் குமாஸ்தா மயிலாப்பூர்க்காரர், மரியாதையான மனுஷர். உட்காரச் சொல்லிவிட்டு, அக்கா உயில் எழுதினாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அவளுடைய பாதி வீடு தானாக என்னிடம் வந்துவிடாது, எங்கள் கிறிஸ்தவர்களுக்கான சட்டப்படி அந்தப் பாதியில் பாதி புருஷனுக்கும் மீதி எனக்கும் போகும் என்றார். அந்தப் புருஷன் அக்காவை விட்டுவிட்டுப் போன கதையைச் சொன்னேன். சட்டத்துக்குக் காது இல்லை என்பதுபோல் குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பா நெனச்சுக்காதேங்கோ. உங்க பேர்ல மட்டும் எழுதிண்டா, நாளைக்கு வீடு பத்திண்டா உங்க பங்குக்கு மட்டுந்தான் கெடைக்கும். அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து ரிஜிஸ்தர் பண்ணித் தந்தா, முழுசையும் உங்க பேருக்கே மாத்திடலாம். இல்லேன்னா அவர் பேரும் இருந்தாகணும்."

கோயிலில் வாங்கிய அந்தத் தாள் போகாவிட்டாலும் வாரிசு யார் என்று கேட்டிருப்பார்கள்தான். இருந்தாலும் சாமியார் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேறு யார் மேல் காட்டுவது?

பம்பாய் விலாசத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அக்கா இறந்த அன்று அதே விலாசத்துக்குத்தான் தந்தி அடித்தோம், பதில் இல்லை. இந்தக் கடிதத்துக்குப் பதிலாக ஆளே வந்து நின்றார். தலை நரைத்து, தொந்தி போட்டு, கையில் தோல்பையோடு. காப்பி கொடுத்தேன். குடித்துக்கொண்டே அண்ணாந்து கூரை மரங்களைப் பார்த்தார், எழுந்து போய்க் கொல்லைச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா அத்தான்?" என்று கேட்டேன். 

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? வீடு ஓடியா போகுது? பாலிசியில என் பேரையும் சேக்கச் சொல்லு. வாடகை பாக்கின்னு உன்னை நான் கேக்கப்போறதில்ல."

பெருந்தன்மையைப் பாருங்கள். நான் பிறந்த வீட்டில் எனக்கு வாடகை இல்லையாம்.

சேர்க்கத்தான் வேண்டியிருந்தது. குடிசைகள் அங்கேயே இருந்தன, வெயில் காலமும் வந்துகொண்டிருந்தது. கம்பெனி பாலிசியோடு ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டு அனுப்பியது. காலஞ்சென்றவர் பெயருக்குப் பதிலாக அவருடைய வாரிசுகளாக நானும் இன்னாரும் என்று டைப் அடித்திருந்தது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காத மனுஷன், அவள் பெயர் இருந்த இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த மாதம் பம்பாயிலிருந்து எனக்கு ஒரு கார்டு வரும், பாலிசியைப் புதுப்பித்தாயிற்றா என்று. அக்கா கடைசியில் எப்படியிருந்தாள் என்று அந்தக் கார்டுகளில் ஒன்றில்கூடக் கேட்டதில்லை.