அறுபத்துநான்கில் மூன்று குறைவு

எனக்குப் பொறுமை கிடையாது. கிளிநொச்சியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் என் வாய்க்குப் பயந்து வாசலிலேயே நின்று கதைப்பார்கள். பயப்படாத ஒரே ஆள், முல்லைத்தீவுக் கரையோரத் தேவாலயமொன்றின் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா.

அக்கா நான்கு வருடங்களாகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் தன் மடிக்கணினியில் சேர்த்துவந்தார். உப்புக்காற்றில் இற்றுப்போன தாள்கள், படமெடுத்த கையோடு உதிர்ந்தும் போயின. பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த கடற்றொழில் குடும்பங்களுக்கு அந்தப் படங்கள்தான் கதி.

மடிக்கணினியோ இரவல். கொடுத்த சங்கம் நாலு நாள் கழித்து ஒரு பின்னேரம் அதைத் திரும்ப எடுக்க வருவதாக இருந்தது. யார் பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்பது வரை அதில் கிடந்ததால், முழுவதையும் அழித்துவிட்டே கொடுக்கவேண்டும். வேறு பிரதியும் இல்லை. வெளி ஹார்ட் டிஸ்க் போன கிழமை செத்துப்போயிற்று. ஆகவே எல்லாப் படங்களையும் ஒரே கோப்பாக்கி, கடவுச்சொல்லால் பூட்டி, இணையத்தில் தேவாலயத்துக்கென்று திறந்திருந்த சேமிப்பிடத்துக்கு ஏற்றச் சொன்னேன். கடவுச்சொல் எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

மூன்று நாள் ஏறியது. சங்கம் வரவிருந்த அன்று காலையில் ‘முடிந்தது’ என்றது திரை. நான் திரை சொல்வதை நம்புகிற ஆள் இல்லை. ஏறிய பிரதியை என் கடைக் கணினியில் இறக்கி, அதற்குச் செக்சம் எடுத்தேன். செக்சம் என்பது கோப்பின் கைரேகை மாதிரி: இலக்கமும் ஆங்கில எழுத்துமாக அறுபத்துநான்கு. அக்காவும் தன்னிடமிருந்த பூட்டிய கோப்புக்கு எடுத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பு சேதமில்லாமல் போய்ச்சேர்ந்தது என்று அர்த்தம்.

“டேட்டா முடிஞ்சுது தங்கச்சி, வாட்ஸ்அப் போகேல்லை. வாயாலை சொல்லுறன், எழுதுங்கோ” என்றார் அக்கா தொலைபேசியில்.

நாலு நாலாகச் சொன்னார். ஒவ்வொரு நாலுக்கும் நான் “சரியோ, அடுத்தது?” என்பேன். “ஓ” என்றுவிட்டு அடுத்ததைச் சொல்வார். தட்டி முடித்து, இரண்டையும் ஒப்பிடக் கொடுத்தேன். ஒன்றல்ல என்றது கணினி.

“ஐயோ அக்கா, பொருந்தேல்லை. ஒண்டையும் அழிச்சுப்போடாதேங்கோ!”

“திருப்பி ஏத்த மூண்டு நாள் வேணுமே. சங்கத்து ஆக்கள் நாலு மணிக்கு வந்திடுவினம்” என்றார். அந்தக் குரல் நடுங்கியதை அன்றுதான் முதன்முதல் கேட்டேன். நான் இணையக் கம்பனியையும் மின்சாரத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

திட்டி முடித்துத் திரையைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. முதல் எட்டும் அச்சொட்டாக ஒன்றாகவே இருந்தன. கோப்பில் ஒரு துளி மாறியிருந்தாலும் கைரேகை அடியோடு மாறியிருக்கும். எட்டு இடம் வரிசையாக ஒத்திருக்க வழியே இல்லை. பிழை கோப்பில் அல்ல, என் காதில். நான் தட்டியதை எண்ணினேன். அறுபத்தொன்று.

“அக்கா, மூண்டாவது நாலைத் திருப்பிச் சொல்லுங்கோ.”

“ஓ, ஏழு, சி, மூண்டு.”

“அந்த ‘ஓ’ என்ன?”

“சைபர், பூச்சியம்! போன் நம்பருக்குச் சொல்லுற ஓ!”

“அட கடவுளே! ‘ஓம்’ எண்டு சொல்லுறியள் எண்டெல்லே நினைச்சன்!”

மூன்று நாலுகள் சைபரில் தொடங்கியிருந்தன. மூன்றையும் நான் அவருடைய சம்மதமென்று விழுங்கியிருந்தேன். சேர்த்தேன். பொருந்தியது. இரண்டு பேரும் ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

“சரி, இப்ப அழியுங்கோ” என்றேன்.

“பொறுங்கோ. பூட்டினதைத் திறந்து பாக்காமல் அழிக்கமாட்டன்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு பிரதியும் ஒன்று என்றுதான் செக்சம் சொல்லும்; கடவுச்சொல்லுக்குத் திறக்குமா என்று அது சொல்லாது. பெரிய வாய்க்காரிக்கு அது தோன்றவேயில்லை.

அக்கா கடவுச்சொல்லைத் தட்டித் திறந்தார்.

“திறந்திட்டுது. என்ரை தம்பியின்ரை பக்கத்தைத்தான் பாக்கிறன். அவன் பிறந்தான் எண்டதுக்கு இந்த எழுத்து மட்டும்தான் மிச்சம். தாள் போன வருஷமே உதிர்ந்துபோச்சு.”

கடையில் இறக்கிய பிரதியையும் அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்காவுக்குத் திரும்ப ஃபோன் எடுத்தேன்.

“அழிச்சாச்சோ அக்கா?”

“ஓ.”

“இது ஓமோ, சைபரோ?”

“ஓம் தங்கச்சி, ஓம்! அவன் பத்திரமா இருக்கிறான்.”