மலை ஏறிய இன்ஜின்

பழைய கார் எதுவானாலும் மெக்கானிக் சாதுல்லா முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். இன்ஜின் ஆறியிருந்தால்தான் ஸ்டார்ட் செய்வார்; சூட்டில் கோளாறு தெரியாது. வெள்ளிமலைக்கு வாடகை ஓட்டக் கார் தேடிய பெரியநாயகி, விலைக்கு வந்த ஒரு வண்டியை அன்று அவரிடம் காட்டினாள்; அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டி ஐந்து வருஷமாவது உழைத்தால்தான் அவள் பிழைப்பு நடக்கும்.

"எட்டு வருஷத்துல எழுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. கம்மிதானே பாய்?"

"மலையிலியே ஓடிக்கினு இருந்த வண்டிம்மா. சின்ன கீர்ல ஏறினா கிலோமீட்டர் கம்மியாத்தான் காட்டும், இன்ஜின் ஜாஸ்தி சுத்தியிருக்கும்."

ஸ்டார்ட் ஆனதும் வண்டி நீலப்புகை கக்கியது; கொஞ்ச நேரத்தில் புகை அடங்கியது. ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே கருப்பாகக் கசடு அப்பியிருந்தது.

"ஆயில் நேரத்துக்கு மாத்தல. மலைக்கு ரெண்டு வருஷம் தாங்கினா ஜாஸ்தி. கீழ, நிதானமா ஓட்டினா நாலு வரும்."

"இன்னா பாய், வயித்துல புளியக் கரைக்கிறீங்க!"

"வாங்கிட்டு நடுமலையில நின்னா அப்ப கரைக்கும்மா."

நாலு வருஷ உழைப்புக்கு ஏற்றபடி அவள் விலையைக் குறைத்துப் பேசி வாங்கினாள். இப்போது கீழே சமவெளியில், திருக்கோவிலூர், திருநாவலூர் பக்கம் மட்டும் ஓட்டுகிறாள். மலைச் சவாரி வந்தால் மறுத்துவிடுகிறாள்.